நாலு நொடித் துண்டுகளில் ஒரு சினிமா

கைப்பேசியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் நடுவில் அந்த வட்டம் சுழல ஆரம்பித்தால், "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். நெட் மெதுவாகும் என்பது அந்த வீடியோ சேவையை வடிவமைத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மெதுவானாலும் படம் நிற்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் எல்லா ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். ஆகவே வட்டம் சுழன்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். எது விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க, ஒரு படம் எப்படி நம் திரைக்கு வந்து சேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் வேலைமுறையை அவ்வப்போது வெளிப்படையாக எழுதிவந்த நிறுவனம். அதனால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அளவு. இன்றைய சாதாரண டிவியில் தெரியும் முழு எச்.டி. படம் ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என்று சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 3 பைட் வேண்டும் என்றால், ஒரே ஒரு ஃபிரேமுக்கு 6.2 மெகாபைட். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,300 ஜி.பி.க்கு மேல் போகிறது. இதை அப்படியே அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 1,200 மெகாபிட் வேகம் வேண்டும். (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நெட் வேகத்தைப் பிட்டிலும் ஃபைல் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம்.) ஆனால் அதே படம் நம் வீட்டுக்கு நொடிக்கு 4 அல்லது 5 மெகாபிட்டில் வந்துவிடுகிறது. அதாவது ஏறக்குறைய 240 முதல் 300 பங்கு வரை சுருங்கிய பிறகும் நம் கண்ணுக்குப் பெரிய குறை தெரிவதில்லை. இந்தச் சுருக்கும் வேலைக்குத்தான் என்கோடிங் என்று பெயர்.

இவ்வளவு சுருக்க முடிவதற்கு முக்கியக் காரணம், அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதுதான். ஒருவர் சுவருக்கு முன்னால் நடந்துபோகிறார் என்றால், ஃபிரேமுக்கு ஃபிரேம் சுவர் மாறுவதில்லை. ஆளும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எனவே என்கோடர் ஒரு ஃபிரேமை முழுப் படமாக எழுதிவைக்கிறது. அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். அதற்கடுத்து வரும் ஃபிரேம்களில், படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் அங்கே இருந்தது, இப்போது இத்தனை புள்ளி வலப்பக்கம் வந்திருக்கிறது" என்று குறித்துக்கொள்கிறது. அப்படியும் பொருந்தாமல் எஞ்சுகிற வித்தியாசத்தை மட்டும் தனியே எழுதுகிறது. இதோடு கண்ணின் இயல்பும் கைகொடுக்கிறது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் நிறத்தைப் பற்றிய தகவலை ஆரம்பத்திலேயே கால் பங்காக்கிவிடுகிறார்கள். 2003-இல் வந்த எச்.264 முதல் 2018-இல் வந்த ஏவி1 வரை கோடெக்குகளின் அடிப்படை இதுதான். புதியவை இன்னும் நுட்பமாகத் தேடும், அதற்குக் கூடுதல் கணினி வேலை கேட்கும்.

படத்தை ஒருமுறை சுருக்கினால் போதாது. ஒருவர் பெரிய டிவியில் ஃபைபர் இணைப்பில் பார்ப்பார், இன்னொருவர் ஓடும் ரயிலில் கைப்பேசியில் பார்ப்பார். அதனால் ஒரே படத்தைப் பல தரங்களில் சுருக்கி வைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் முன்பு எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரிப் பத்துப் படிகள் வைத்திருந்தது. அடிப்படி 320×240 அளவில் நொடிக்கு 235 கிலோபிட். நடுவில் 640×480 அளவில் 1,050 கிலோபிட். உச்சிப்படி 1920×1080 அளவில் 5,800 கிலோபிட்.

எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் என்பது சரியில்லை என்று 2015 டிசம்பரில் அவர்களே எழுதினார்கள். சமதளமான நிறங்கள் கொண்ட கார்ட்டூனுக்கு 5,800 கிலோபிட் அநியாயத்துக்கு அதிகம். அதைவிட மிகக் குறைவிலேயே முழு எச்.டி. தரம் கிடைத்துவிடும். பழைய ஃபிலிம் துகள்கள் மினுக்கும் படத்துக்கோ 5,800-உம் போதாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளிலும் பல வேகங்களிலும் சுருக்கிப் பார்த்து, அந்தப் படத்துக்கென்று தனிப் படிவரிசை அமைக்கிறார்கள். இதில் நம் உள்ளுணர்வுக்கு மாறான ஒன்று உண்டு. கிடைக்கும் பிட் குறைவாக இருந்தால் 1080 வரிப் படத்தைக் கசக்கிப் பிழிவதைவிட, 480 வரிப் படத்தைத் தெளிவாகச் சுருக்கி அனுப்பி, டிவியே அதைப் பெரிதாக்கிக் காட்டுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும். எந்தப் புள்ளியில் பெரிய அளவுக்குத் தாவலாம் என்பது படத்துக்குப் படம் மாறும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலையின் சாரம்.

இப்படிச் செய்த ஒவ்வொரு படியையும் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டிவைக்கிறார்கள். நாலு நொடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு படிக்கு 2,250 துண்டுகள் வரும். எல்லாப் படிகளிலும் வெட்டு ஒரே நொடியில் விழ வேண்டும், ஒவ்வொரு துண்டும் கீஃபிரேமில் தொடங்க வேண்டும். அப்போதுதான் 311-ஆவது துண்டை உயர்ந்த படியிலிருந்தும் 312-ஆவதைத் தாழ்ந்த படியிலிருந்தும் எடுத்து ஒட்டினாலும் படம் தடுக்காமல் ஓடும். வெட்டு பிசகினால் படி மாறும் இடத்தில் படம் துள்ளும், அல்லது ஒரு கணம் சாம்பல் கட்டங்களாகச் சிதறும்.

எந்தப் படி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு சின்னப் பட்டியல் ஃபைல் போதும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் அது இப்படி இருக்கும்:

```
#EXTM3U
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=1050000,RESOLUTION=640x480
480p/index.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=4300000,RESOLUTION=1920x1080
1080p/index.m3u8
```

நாம் படத்தைத் தொட்டதும் ஆப்புக்கு முதலில் கிடைப்பது இந்த மாதிரிப் பட்டியல்தான். இதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு முடிவு இதற்குள் இருக்கிறது. எந்தப் படியை அனுப்புவது என்று சர்வர் தீர்மானிப்பதில்லை. நம் கையிலுள்ள ஆப் ஒவ்வொரு துண்டாகக் கேட்கிறது, சர்வர் கேட்ட ஃபைலைத் தருகிறது. பார்வையாளர் யார், எந்த நொடியில் இருக்கிறார், அவர் நெட் எப்படி என்பதெல்லாம் சர்வருக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய ஸ்ட்ரீமிங் முறைகளில் சர்வர் ஒவ்வொருவரின் நிலையையும் நினைவில் வைத்துக்கொண்டு ஊட்டிவிட வேண்டியிருந்தது. இப்போது அது சாதாரண இணையப் பக்கம் தருவதுபோன்ற வேலை. அதனால் அதே ஃபைலின் நகலை உலகத்தில் எந்த மூலையிலும் ஒரு சர்வரில் வைத்து அங்கிருந்தே கொடுக்கலாம்.

அப்படி நகல்களைப் பார்வையாளருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் சர்வர் கூட்டத்தைத்தான் சி.டி.என். என்கிறார்கள். பக்கம் ஏன் முக்கியம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப குறைந்தது 130 மில்லிநொடி ஆகும். கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் இன்னும் அதிகம். ஒருமுறைக்கு இது பெரிதில்லை. ஆனால் இணையத்தில் தரவை அனுப்பும் டி.சி.பி. முறை, கொஞ்சம் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதிலைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கூட்டி அனுப்பும். தூரம் கூடக்கூட வேகம் ஏறவும் தாமதமாகும், வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மீண்டு வரவும் தாமதமாகும். தவிர, ஒரே படத்தை ஒரு லட்சம் பேர் பார்த்தால் ஒரு லட்சம் முறை அதைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது பெரும் வீண்செலவு.

நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் ஓப்பன் கனெக்ட் என்று தன் சொந்த சி.டி.என்.னை அறிவித்தது. வட்டுகள் நிறைந்த சர்வர் பெட்டிகளை இணையச் சேவை தரும் நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிடுவது அதன் முக்கிய உத்தி. போதிய பார்வையாளர்கள் உள்ள நிறுவனத்துக்குப் பெட்டியை இலவசமாகவே தருகிறது. அந்த நிறுவனத்துக்கும் வெளியிலிருந்து தரவு வாங்கும் செலவு மிச்சம். எல்லாப் படமும் ஒரு பெட்டியில் அடங்காது என்பதால், நாளை எதையெல்லாம் மக்கள் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்து, நெரிசல் இல்லாத பின்னிரவு நேரத்தில் அவற்றை மட்டும் பெட்டிகளில் நிரப்புகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஊரே படம் பார்க்க உட்காரும்போது அந்தப் படம் ஏற்கெனவே பக்கத்துப் பெட்டியில் இருக்கும். நீங்கள் பிளே அழுத்தியதும், மையத்திலுள்ள கட்டுப்பாட்டு மென்பொருள் உங்களுக்கு அருகில் உள்ள, படம் இருக்கிற, பளு குறைந்த சில பெட்டிகளின் முகவரிகளை வரிசைப்படுத்தித் தரும். முதல் பெட்டி சரிவராவிட்டால் ஆப் தானாகவே அடுத்ததுக்கு மாறிக்கொள்ளும். யாரும் அதிகம் பார்க்காத பழைய படம் மட்டும் தொலைவிலுள்ள பெரிய கிடங்கிலிருந்து வரும்.

இனி ஆப்பின் வேலை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது. பஃபர் என்பது வந்துசேர்ந்து இன்னும் ஓடாத துண்டுகளின் இருப்பு. அதை மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். கீழே குழாய் எப்போதும் ஒரே அளவில் திறந்திருக்கிறது: ஒரு நொடிக்கு ஒரு நொடிப் படம் வெளியே போகும். மேலே தண்ணீர் ஏறுவது நெட்டைப் பொறுத்தது. தொட்டி காய்ந்தால் வட்டம் சுழலும். இதில் ஆப்புக்கு இருக்கும் ஒரே உரிமை, அடுத்த துண்டை எந்தப் படியில் கேட்பது என்பதுதான்.

எண்களோடு பார்ப்போம். வீட்டு நெட் நொடிக்கு 6 மெகாபிட். ஆப் 4,300 கிலோபிட் படியில் எடுத்துக்கொண்டிருக்கிறது. நாலு நொடித் துண்டு 17.2 மெகாபிட். அது 2.9 நொடியில் வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் இருப்பு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் கூடும். இருப்பு 30 நொடியாக இருக்கும்போது, வீட்டில் இன்னொருவர் பெரிய ஃபைல் ஒன்றை இறக்க ஆரம்பிக்கிறார். நம் பங்கு 1.5 மெகாபிட்டாக விழுகிறது. அதே துண்டு இப்போது வர 11.5 நொடி பிடிக்கும். வருவது நாலு நொடிப் படம், போவது 11.5 நொடிப் படம். ஆப் பிடிவாதமாக அதே படியில் நின்றால் இருப்பு 30, 22.5, 15, 7.6 என்று இறங்கி, நாலாவது துண்டு வந்துசேரும் முன்பே தீர்ந்துவிடும். வேகம் விழுந்த 42-ஆவது நொடியில் படம் நிற்கும்.

முதல் துண்டு தாமதமானதைப் பார்த்ததும் ஆப் 1,050 கிலோபிட் படிக்கு இறங்கினால், துண்டு 2.8 நொடியில் வரும். இருப்பு மறுபடி ஏறும். படம் மங்கலாகத் தெரியும், ஆனால் நிற்காது. இன்னொரு வழியும் இருக்கிறது. கையில் 22 நொடி இருப்பு இருக்கும்போது 1,750 படிக்கு இறங்கினால் போதும். அது நெட் வேகத்தைவிடச் சற்று அதிகம்தான். துண்டுக்கு 0.7 நொடி வீதம் இருப்பு கரையும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கும். அதற்குள் அந்த டவுன்லோடு முடிந்துவிட்டால் நாம் அதிகம் மங்கல் பார்க்காமலே தப்பித்தோம். முடியுமா முடியாதா என்பது ஆப்புக்குத் தெரியாது என்பதுதான் இதன் கஷ்டம்.

ஆரம்பத்தில் எல்லா ஆப்களும் கடைசிச் சில துண்டுகள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று அளந்து, அதற்குக் கீழான படியைத் தேர்ந்தெடுத்தன. நியாயமான யோசனைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் அமெரிக்காவின் மூன்று வீடியோ சேவைகளைச் சோதித்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அதே இணைப்பில் இன்னொரு டவுன்லோடு ஓடினால், வீடியோ தனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பங்கைக்கூட எடுக்காமல் படிப்படியாகக் கீழே போய்த் தங்கிவிட்டது. இருப்பு நிறைந்த ஆப் நாலு நொடிக்கு ஒரு துண்டு மட்டும் கேட்கும், இடையில் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் டி.சி.பி. தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த துண்டைக் கேட்கும்போது மறுபடி மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதற்குள் துண்டே முடிந்துவிடும். ஆப் அதை அளந்து "நெட் மெதுவாகிவிட்டது" என்று முடிவு செய்து கீழ்ப்படிக்கு இறங்கும். கீழ்ப்படித் துண்டு இன்னும் சிறியது, இன்னும் சீக்கிரம் முடியும், அளவு இன்னும் குறைவாகத் தெரியும். மறுபடி இறங்கும். நெட்டில் இடம் இருக்கிறது, இருப்பும் நிறைந்திருக்கிறது, ஆனாலும் படம் மங்கல்.

அந்தக் குழுவைச் சேர்ந்த தெ-யுவான் ஹுவாங், நிக் மெக்கியோன் உள்ளிட்டோர் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்ட மாற்று வழி எளிமையானது. வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு, இருப்பை மட்டும் பார்ப்பது. அவர்கள் சோதித்த பிளேயரில் 240 நொடி வரை இருப்பு வைக்கலாம். முதல் வடிவத்தில், இருப்பு 90 நொடிக்குக் கீழே இருந்தால் அடிப்படி, ஏறக்குறைய நிறைந்திருந்தால் உச்சிப்படி, நடுவில் இருப்பு ஏற ஏறப் படியும் ஏறும். தொட்டி நிறைந்திருக்கும்போது உச்சிப்படியையே கேட்கும் என்பதால் அந்த வீழ்ச்சிச் சுழல் தொடங்கவே வழியில்லை. படம் தொடங்கும் நேரத்தில் மட்டும் இருப்பு பூஜ்யம் என்பதால் அது எதையும் சொல்லாது. அதனால் தொடக்கத்துக்கு வேக அளவையும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையான பார்வையாளர்களிடம் சோதித்ததில், படம் தடைபடுவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது, தரம் குறையவில்லை.

இவ்வளவும் தெரிந்தால், தடை வரும்போது எங்கே கோளாறு என்று வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். படம் மங்கி, பிறகு தெளிந்தால், நெட் தடுமாறியது, ஆப் தன் கடமையைச் செய்தது. மிகத் தெளிவாக ஓடிக்கொண்டே திடீரென்று நின்றால், ஆப் படியிறங்கத் தாமதித்தது அல்லது இணைப்பே சுத்தமாக அறுந்தது. மறுபடி மறுபடி அதே காட்சியில், வேறு வேறு நெட்டிலும் நின்றால், அந்தத் துண்டு பழுதாகியிருக்கும், என்கோடிங் பக்கத்தில் தேட வேண்டும். பகலில் நன்றாக ஓடி இரவு ஒன்பது மணிக்கு மட்டும், அதுவும் ஒரே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் தடைபட்டால், அந்த நிறுவனத்துக்கும் சி.டி.என்.னுக்கும் இடையிலுள்ள பாதை நிரம்பிவிட்டது. இந்தக் கடைசி வகையில் நம் வீட்டு ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

இதுவரை சொன்னது முன்பே எடுத்து முடித்த படத்துக்கு. நேரடி கிரிக்கெட்டுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 2019 ஜூலையில் இந்தியா - நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். இங்கே பின்னிரவில் நிரப்பி வைக்க எதுவும் கிடையாது. புதிய துண்டு பிறந்த அடுத்த கணமே எல்லா ஆப்களும் அதைக் கேட்கும். ஒரு சி.டி.என். சர்வரில் அது இன்னும் வந்து சேராத அந்த நொடிப்பொழுதில் பத்தாயிரம் பேர் கேட்டால், பத்தாயிரம் கேள்விகளும் மூல சர்வருக்கு ஓடக் கூடாது. ஓடினால் அது படுத்துவிடும். முதல் கேள்வியை மட்டும் மேலே அனுப்பி, மற்றவர்களை அங்கேயே நிறுத்திவைத்து, பதில் வந்ததும் எல்லாருக்கும் பகிர வேண்டும்.

இருப்பும் சேர்க்க முடியாது, ஏனென்றால் அடுத்த ஓவர் இன்னும் வீசப்படவில்லை. எச்.எல்.எஸ். முறையின் வழக்கப்படி 6 நொடித் துண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் மைதானத்துக்கு 18 நொடி பின்தங்குகிறோம். என்கோடிங்குக்கும் பயணத்துக்கும் ஆகும் நேரம் தனி. டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கத்துவது நமக்கு முன்னதாகவே கேட்பது இதனால்தான். இடைவெளியைக் குறைக்க இருப்பை 6 நொடியாக்கலாம். ஆனால் மேலே பார்த்த அதே 1.5 மெகாபிட் வீழ்ச்சி வந்தால், 4 நொடித் துண்டு 11.5 நொடி எடுக்கும். இருப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். துண்டை 2 நொடியாக வெட்டினால் 5.7 நொடியில் வரும். மயிரிழையில் தப்பி, அடுத்ததை 750 கிலோபிட்டில் கேட்டு ஒரு நொடியில் வாங்கி மீளலாம். அதற்கு விலையாக இரண்டு நொடிக்கு ஒரு கீஃபிரேம் எழுத வேண்டும். கீஃபிரேம்தான் இருப்பதிலேயே கனமானது என்பதால், அதே பிட்டுக்குப் படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும், சி.டி.என்.னுக்கு வரும் கேள்விகளும் இரட்டிப்பாகும். பந்து வீசியதை எத்தனை நொடி தாமதமாகக் காட்டலாம் என்பதை ஒவ்வொரு சேவையும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் முடிவு செய்கிறது.